அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்கள்: ஃபார்வர்டா, எக்ஸ்போர்ட்டா, ஃபோல்டரை அப்படியே எடுப்பதா?

அம்மா இறந்த பிறகு அவரது பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் அப்பாவிடம் இருக்கிறது, நான் வேறு நாட்டில் இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அம்மா எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் பாதிக்கு மேல் இப்போது என்னிடம் இல்லை, நடுவில் ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு மாறியபோது பழைய சாட் வரவே இல்லை. ஆக, முழுசாக இருப்பது அம்மாவின் ஃபோனில் மட்டும்தான். அந்த ஃபோனோ, திரையின் கீழ்ப்பகுதி தொட்டால் வேலை செய்யாது, ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று எப்போதும் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருக்கும். இதிலிருந்து குரலை எப்படி வெளியே எடுப்பது என்று நானும் அப்பாவும் வீடியோ காலில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் முன்னால் இருந்த வழிகள் நான்கு. ஒவ்வொன்றாக ஃபார்வர்ட் பண்ணுவது, சிம்மைப் புது ஃபோனில் போட்டு பேக்கப்பை மீட்பது, சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணுவது, ஃபோனை கம்ப்யூட்டரில் இணைத்து குரல் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரையே நகலெடுப்பது.

அப்பாவுக்குப் பிடித்தது முதல் வழி.

"நான் உட்கார்ந்து ஒண்ணொண்ணா கேட்டு உனக்கு ஃபார்வர்ட் பண்ணிடறேன்மா. எனக்கு என்ன வேலை?"

"அப்பா, நீங்க அம்மா ஃபோன்லேர்ந்து அனுப்பினா இங்க எனக்கு யார் பேர்ல வரும்னு யோசிச்சீங்களா?"

கொஞ்ச நேரம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி வேலையில் இருக்கும்போது அம்மாவின் படத்தோடு அம்மாவின் பெயரில் புது மெசேஜ் என்று திரையில் வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஃபார்வர்ட் மோசமான வழிதான். ஃபார்வர்ட் செய்த மெசேஜ் எனக்கு இன்றைய தேதியில் வந்து விழும். அம்மா அதை எப்போது பேசினார், எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பேசினார் என்பதெல்லாம் அங்கேயே அறுந்துவிடும். நான்கைந்து மெசேஜ் மட்டும் வேண்டும், ஃபோன் இன்றோ நாளையோ போய்விடும் என்றால் ஃபார்வர்ட் பண்ணுங்கள், தப்பில்லை. வருஷக்கணக்கில் இருக்கும் சாட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது வழியைச் சொன்னது அப்பாவின் நண்பர். சிம்மைக் கழற்றிப் புது ஃபோனில் போடுங்கள், வாட்ஸ்அப் தானாகவே கூகுள் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்றாராம். எல்லாம் சரியாக அமைந்தால் இதுதான் கேட்பதற்கு இதமான முடிவு, சாட் பழையபடியே படங்களோடும் பதில்களோடும் வந்து நிற்கும். ஆனால் எல்லாம் சரியாக அமைய வேண்டியது நிறைய. அந்த நம்பர் உயிரோடு இருந்து சரிபார்ப்புக் குறியீடு அதற்கு வர வேண்டும். அம்மா இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குப் பின் நம்பர் வைத்திருந்தால் அது தெரிந்திருக்க வேண்டும். அவரது கூகுள் கணக்குக்குள் நுழைய முடிய வேண்டும். பேக்கப் என்ற ஒன்று உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இந்த பேக்கப் 2024 வாக்கிலிருந்து கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபி இடத்துக்குள்ளேயே கணக்கு வைக்கப்படுகிறது, ஆகவே கணக்கு நிரம்பியிருந்தால் பேக்கப் எப்போதோ நின்றுபோயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அம்மாவின் நம்பரைப் புது ஃபோனில் பதிவு செய்த நொடியில் பழைய ஃபோனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். திறந்தால் சாட்டுக்குப் பதிலாக நம்பரைக் கேட்கும் பக்கம் வரும். புது ஃபோனில் பேக்கப் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், இருந்த ஒரே ஃபோனின் கதவையும் நாமே சாத்தியதாக ஆகிவிடும். அதனால் இந்த வழியைக் கடைசிக்குத் தள்ளினோம், மற்றதெல்லாம் கையில் வந்த பிறகு வேண்டுமானால் பார்க்கலாம் என்று.

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அப்பாவை ஒன்று செய்யச் சொன்னேன். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். பல மாதம் அணைந்து கிடந்த ஃபோன் திடீரென்று நெட்டில் ஏறினால் என்னவெல்லாம் நடக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. குரூப்களில் வந்து குவிந்த படமும் வீடியோவும் இறங்கி, ஏற்கெனவே நிரம்பிய ஸ்டோரேஜை அடைத்துவிடும். 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும், அது நடந்திருந்தால் ஆப் நெட்டைத் தொட்டதும் மறுபடி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லும். அந்த நம்பரை சிம் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்து அவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கியிருந்தாலும் இதே கதைதான். நல்லவேளை, கணக்கு போனாலும் ஃபோனுக்குள் இருக்கும் கோப்புகள் போவதில்லை. ஆப்பை நீக்காதவரை, அதன் ஸ்டோரேஜைத் துடைக்காதவரை அவை அங்கேயேதான் இருக்கும். ஸ்டோரேஜ் நிறைந்தது என்று எச்சரிக்கை வரும்போது யாராவது உதவி செய்வதாக நினைத்து க்ளீனர் ஆப் ஓட்டிவிடுவதுதான் நிஜமான பயம். "அதுல எதையும் யாரையும் தொட விடாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அப்புறம், பின் மூடி மேல தூக்கிட்டு இருக்கா பாருங்க. பேட்டரி உப்பியிருந்தா சார்ஜ் போடாதீங்க."

உப்பவில்லை. உப்பியிருந்தால் சார்ஜில் போடாமல், ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து பேட்டரி மட்டும் மாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை.

இனி நான் வாதாடிய வழி, ஃபோல்டரை எடுப்பது. இது ஏன் முடிகிறது என்று தெரிந்துகொண்டால் நம்பிக்கை வரும். வாட்ஸ்அப் சாட்டின் எழுத்து, யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்ற விவரம் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் பூட்டிக் கிடக்கிறது, சாதாரண ஃபோனில் அதைத் திறக்கும் சாவி நம் கைக்கு எட்டாது. ஆனால் குரல் கோப்புகள் அந்தப் பூட்டுக்குள் இல்லை. தனித்தனி கோப்புகளாக, பூட்டில்லாமல், ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. வாட்ஸ்அப் வெளியேறிவிட்ட ஃபோனில்கூட அவற்றை எடுக்கலாம். "மியூசிக் ஆப்ல தேடினேன்மா, ஒண்ணுமே காட்டலை" என்றார் அப்பா. காட்டாது. இவற்றைப் பட்டியலிடாதே என்று மற்ற ஆப்களுக்குச் சொல்லும் `.nomedia` என்ற வெற்றுக் கோப்பு அந்த ஃபோல்டரில் இருக்கும்.

திரையின் கீழ்ப்பகுதி வேலை செய்யாததால் அன்லாக் பேட்டர்னே போட முடியவில்லை, அது இல்லாமல் கம்ப்யூட்டர் ஃபோனுக்குள் பார்க்காது. இதற்கு ஓடிஜி அடாப்டர் போதும். ஒரு பக்கம் ஃபோனில் சொருகி, மறுபக்கம் சாதாரண யுஎஸ்பி மவுஸை மாட்டினால் திரையில் அம்புக்குறி வரும், மவுஸாலேயே பேட்டர்னை இழுத்துப் போடலாம். அதே ஓட்டையில்தான் கேபிளும் சொருக வேண்டும் என்பதால் அப்பா முதலில் மவுஸை வைத்து திரை அணையும் நேரத்தை அதிகமாக்கி, பேட்டர்ன் பூட்டையும் எடுத்துவிட்டு, அப்புறம் கேபிளை மாட்டினார். கேபிளை மாட்டியதும் ஃபோன் சார்ஜ் மட்டும்தான் ஏறும். மேலிருந்து அறிவிப்புகளை இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொட்டு `File transfer` என்று மாற்ற வேண்டும். மாற்றியும் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாவிட்டால் கேபிளைச் சந்தேகப்படுங்கள், சார்ஜுக்கு மட்டுமே உதவும் கேபிள்கள் நிறைய உலாவுகின்றன. அப்பா முதலில் மாட்டியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

ஃபோல்டர் இருக்கும் இடம் இது. பழைய ஃபோன்களில் இரண்டாவது போலவும் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes
WhatsApp/Media/WhatsApp Voice Notes
```

உள்ளே வாரத்துக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும், `201915` என்றால் 2019-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம். அதற்குள் `PTT-20190412-WA0003.opus` என்பதுபோலக் கோப்புகள். தேதி பெயரிலேயே இருப்பது பெரிய வசதி, ஏனென்றால் கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கும்போது கோப்பின் தேதி சில சமயம் இன்றைக்கு மாறிவிடும், பெயர் மாறாது. நகல்தான், வெட்டி ஒட்டக் கூடாது, அதை அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மொத்த ஃபோல்டரையும் ஒரே மூச்சில் இழுத்தால் பழைய ஃபோன் பாதியில் தொடர்பை விட்டுவிடும், ஆகவே ஒரு ஆண்டின் வாரங்களை ஒரு தடவை என்று எடுத்தார். முடிந்ததும் இரண்டு பக்கமும் வார ஃபோல்டர்களின் எண்ணிக்கை ஒன்றா என்று கம்ப்யூட்டரில் திறந்த ஜன்னலின் அடியில் காட்டும் எண்ணைப் பார்த்தார், சில வாரங்களைத் திறந்து உள்ளே கோப்புகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பூஜ்ஜியம் கிலோபைட் கோப்பு இருந்தால் அது நகலாகவில்லை என்று அர்த்தம், அந்த வாரத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

அப்பா ஒன்றை விஎல்சி ப்ளேயரில் திறந்தார். அம்மா இல்லை, நான். யாரிடமோ திட்டு வாங்கிவிட்டு அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருக்கிறேன். அடுத்ததைத் திறந்தார், அது சித்தி.

இதுதான் இந்த வழியின் குறை. அந்த ஃபோல்டரில் அம்மா அனுப்பியது, அம்மாவுக்கு வந்தது, எல்லார் குரலும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. கோப்பின் பெயரில் ஆள் பெயர் கிடையாது. எல்லாம் கிடைக்கும், எது யாருடையது என்று தெரியாது.

அதற்குத்தான் எக்ஸ்போர்ட். வாட்ஸ்அப்பில் என் சாட்டைத் திறந்து, மூன்று புள்ளி, `More`, `Export chat`, `Include media`. இதில் கிடைப்பது ஒரு எழுத்துக் கோப்பும் அதோடு சேர்ந்த குரல், படங்களும். அந்த எழுத்துக் கோப்பில் இப்படி ஒரு வரி வரும்:

```
12/04/2019, 9:40 pm - Amma: PTT-20190412-WA0003.opus (file attached)
```

ஃபோல்டரில் பெயர் தெரியாமல் கிடந்த அதே கோப்பு இங்கே ஆள் பெயரோடும் நேரத்தோடும் நிற்கிறது. அதற்கு மேல் வரியில் நான் என்ன கேட்டேன் என்பதும் இருக்கும். அந்த 2019 ஏப்ரல் மெசேஜில் அம்மா "சரி சரி, அதை அப்படியே விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மட்டும்தான் சொல்கிறார். தனியாகக் கேட்டால் ஒன்றும் புரியாது. மேலே பார்த்தால், வேலையை விட்டுவிடலாமா என்று நான் நீளமாக எழுதியிருக்கிறேன். எக்ஸ்போர்ட்டில் என் பெயர் `Paapa New Number` என்று வருகிறது, அம்மா என்னை அப்படித்தான் சேமித்து வைத்திருந்தார். நான் அந்த நம்பருக்கு மாறி எவ்வளவோ காலம் ஆகிறது.

`Without media` என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கோப்பின் பெயருக்குப் பதிலாக `<Media omitted>` என்று வந்து நிற்கும், நமக்கு வேண்டிய இணைப்பே போய்விடும்.

"அப்ப எக்ஸ்போர்ட் மட்டும் போதுமே, எதுக்கு இந்தக் கேபிளு மவுஸு எல்லாம்?" என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்தால் கடைசி 10,000 மெசேஜ் அளவில்தான் வரும். அம்மாவும் நானும் "சாப்பிட்டியா", "ம்", "சரி" என்று தினமும் தட்டிக்கொண்டிருந்தவர்கள், பத்தாயிரம் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. எழுத்துக் கோப்பின் முதல் வரியில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள், அதற்கு முந்தையது எதுவும் இதில் இல்லை என்று தெரிந்துவிடும். மெயிலில் அனுப்பினால் இணைப்பின் அளவு வரம்பு வேறு, பாதி கோப்புகள் நின்றுவிடும், ஆகவே டிரைவில் சேமியுங்கள். அதற்கு நெட் வேண்டும், நெட் என்றால் மேலே சொன்ன ஆபத்துகள் எல்லாம் திரும்ப வரும். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் ஏரோப்ளேன் மோடிலேயே ஃபோல்டரை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம் வைஃபையைப் போட்டு எக்ஸ்போர்ட். வைஃபையில் ஏறியதும் ஆப் வெளியேறினாலும் குரல் ஏற்கெனவே கையில் இருக்கும், போவது பெயர்ப்பட்டியல் மட்டும்தான்.

எங்களுக்கு ஆப் வெளியேறவில்லை, எக்ஸ்போர்ட் வந்தது. வெளியேறியிருந்தால் என் ஐஃபோனில் இருக்கும் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து பொருத்திப் பார்த்திருப்பேன், ஆனால் அது கடினம். ஒரே மெசேஜுக்கு ஒவ்வொரு ஃபோனும் தன் போக்கில் வேறு பெயர் வைக்கும். அம்மாவின் ஃபோனில் `WA0003` என்று இருப்பது என்னிடம் அதே பெயரில் இருக்காது. நேரமும் ஒத்துப்போகாது, ஏனென்றால் எக்ஸ்போர்ட்டில் வருவது அந்தந்த ஃபோனின் உள்ளூர் நேரம். அம்மா தூங்கப் போகும் முன் அனுப்பியது எனக்கு மத்தியானக் கணக்கில் இருக்கும். மணி வித்தியாசத்தைக் கழித்து, மெசேஜ் எத்தனை விநாடி என்பதையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

கையில் வந்த பிறகு ஃபார்மட் பற்றிச் சின்னக் குழப்பம். இந்த `.opus` கோப்புகளை எல்லா ப்ளேயரும் திறக்காது. விஎல்சி திறக்கும், அது ஐஃபோனுக்கும் இருக்கிறது. அப்பாவுக்கு எங்கே தட்டினாலும் பாட வேண்டும், அவருக்காக கம்ப்யூட்டரில் ffmpeg என்ற இலவச மென்பொருளுக்கு இந்தக் கட்டளையைக் கொடுத்து எம்பி3 நகல் ஒன்று செய்தேன்:

```
ffmpeg -i PTT-20190412-WA0003.opus -b:a 64k amma-2019-04-12.mp3
```

எம்பி3 செய்துவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் அனுப்பும்போதே குரலை நிறையச் சுருக்கியிருக்கிறது, எம்பி3 அதன் மேல் இன்னொரு சுருக்கம். மூலத்தின் பெயரையும் மாற்ற வேண்டாம், மாற்றினால் எழுத்துக் கோப்போடு இருக்கும் இணைப்பு அறுந்துவிடும். ஒரு நிமிடப் பேச்சு நூறு, இருநூறு கிலோபைட்தான் இருக்கும். இடம் ஒரு பிரச்சினையே இல்லை என்பதால் அப்பாவின் கம்ப்யூட்டர், ஒரு பென் டிரைவ், என் லேப்டாப், ஒரு க்ளவுட் கணக்கு என்று நான்கு இடத்தில் வைத்தோம். எந்த நகலையும் எடுத்ததோடு விடாமல் அங்கிருந்தே இரண்டு மூன்றைத் திறந்து கேட்டுப் பாருங்கள்.

திரையே வரவில்லை, ஆனால் ஃபோன் உயிரோடு இருக்கிறது என்பவர்களுக்கும் ஃபோல்டர் வழிதான், திரையை மாற்றிவிட்டு. திரை மாற்றினால் உள்ளே இருப்பது போகாது, ஆனால் கொடுக்கும்போதே ரீசெட் பண்ண வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு ஃபோனில் ஓடவிட்டு இன்னொரு ஃபோனில் பதிவு செய்வது எல்லாக் கதவும் அடைத்த பிறகு மட்டும். அறையின் மின்விசிறி ஓசையும் சேர்ந்து பதிவாகும், அம்மாவின் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும்.

கடைசியில் நாங்கள் வாதாடியது தொழில்நுட்பம் பற்றி அல்ல, சித்தியின் கோப்புகள் பற்றி. அம்மா சித்தியிடம் பேசியதெல்லாம் அந்த ஃபோல்டரில் இருக்கிறது. சில மெசேஜ்கள் ரொம்ப நீளம். அம்மாவின் குரல் என்பதால் எனக்குக் கேட்க ஆசை.

"அது அவங்க ரெண்டு பேரும் பேசினது. உன்னைப் பத்தியும் இருக்கும், என்னைப் பத்தியும் இருக்கும். நம்ம கேக்கறதுக்குன்னு அவ பேசலை," என்றார் அப்பா.

"அழிக்க வேண்டாம்பா."

"அழிக்கச் சொல்லலையே. கேக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

ஃபோல்டரைப் பிரித்து எடுக்க முடியாது, எடுத்தால் எல்லாம் வரும். ஆகவே இப்படி முடிவு செய்தோம். என் சாட்டின் எழுத்துக் கோப்பில் பெயர் இருக்கும் குரல்கள் மட்டும் தனி ஃபோல்டருக்கு வந்தன. பத்தாயிரம் மெசேஜுக்கு முந்தைய காலத்தை அப்பா கேட்டுப் பிரிக்கிறார், முதல் இரண்டு விநாடியிலேயே யாரிடம் பேசுகிறார் என்று தெரிந்துவிடும், என்னிடம் என்றால் பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் ஆரம்பிப்பார். மீதி அப்படியே பூட்டிய ஜிப் கோப்பாக பென் டிரைவில் கிடக்கிறது. சித்தியிடம் அப்பா பேசினார், அவரும் ஃபோன் மாற்றியவர்தான், அவரிடமும் பழையது எதுவும் இல்லையாம். அம்மாவின் ஃபோனில் சித்தியின் சாட்டைத் திறக்காமலேயே, பெயரை அழுத்திப் பிடித்து எக்ஸ்போர்ட் பண்ண முடியுமா என்று கேட்டார் அப்பா. அழுத்திப் பிடித்தால் வராது, ஆனால் வாட்ஸ்அப்பின் `Settings`, `Chats`, `Chat history`, `Export chat` என்று போனால் சாட்டைத் திறக்காமலேயே எடுக்கலாம் என்றேன். அடுத்த வாரம் சித்தி வீட்டுக்கு வருகிறார், அவரே உட்கார்ந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்பா மவுஸையும் அடாப்டரையும் ஃபோனோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறார்.